ரிப்பா பஃபர்ல டிடிடியும் இருந்தா பிராட்ஃபோர்டா, பிசிஏவா?

கேள்வி: "மேடம், நான் செல் லைசேட்ல வெஸ்டர்ன் பிளாட் பண்றேன். லேப்ல இருந்த ரிப்பா பஃபர்ல 5 மில்லிமோலார் டிடிடி ஏற்கனவே போட்டிருந்தாங்க, அதுலயே லைஸ் பண்ணிட்டேன். புரோட்டீன் அளவு பாக்க பிசிஏ போட்டா புரோட்டீன் இல்லாத பிளாங்க்கே கரும் ஊதாவா வருது. பிராட்ஃபோர்டு போட்டா பிளாங்க் நீலமா, லேசா கலங்கலா இருக்கு. லைசேட் 100 மைக்ரோலிட்டர்தான் மிச்சம், அந்த செல் திரும்பக் கிடைக்காது. எதை நம்பறது?"

பதில்: இப்ப இருக்கற நிலைமைல ரெண்டையுமே நம்ப வேண்டாம், ஆனா லைசேட் கெட்டுப் போகல. 20 மடங்கு டைல்யூட் பண்ணி பிராட்ஃபோர்டு போடுங்க, அதுதான் உங்களுக்கு வழி. ஏன் பிசிஏ இல்லன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா "டிடர்ஜென்ட் இருந்தா பிசிஏ"ன்னு எல்லாரும் மனப்பாடமா வச்சிருக்கற விதி உங்க கேஸ்ல உங்களைக் கவுத்துடும்.

பிசிஏல நடக்கறது என்னன்னா, காரமான கரைசல்ல புரோட்டீன் போய் ரெண்டு பிளஸ் காப்பரை ஒரு பிளஸ் காப்பரா குறைக்குது, அந்த ஒரு பிளஸ் காப்பரை ரெண்டு பிசிஏ மூலக்கூறு பிடிச்சுக்கிட்டு ஊதா நிறம் குடுக்குது, அதை நாம 562 நானோமீட்டர்ல படிக்கறோம். அதாவது அந்த டெஸ்ட் எண்ணறது புரோட்டீனை இல்ல, குறைஞ்ச காப்பரை. யாரு குறைச்சாங்கன்னு அதுக்குத் தெரியாது. டிடிடியோட வேலையே குறைக்கறதுதானே, அதனால அது புரோட்டீனை விட சுறுசுறுப்பா வந்து வேலையை முடிச்சிடுது.

எவ்ளோ மோசம்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. பிளேட்ல 25 மைக்ரோலிட்டர் சாம்பிள் போடறீங்க, 5 மில்லிமோலார்னா அதுல 125 நானோமோல் டிடிடி இருக்கு. ஒரு டிடிடி ரெண்டு எலக்ட்ரான் குடுக்கும், அப்ப 250 நானோமோல் காப்பர் வரைக்கும் குறைக்க முடியும். நீங்க மேல ஊத்தற 200 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட்ல மொத்தமே சுமார் 630 நானோமோல் காப்பர்தான் இருக்கு. புரோட்டீன் உள்ள வர்றதுக்கு முன்னாடியே ஐந்துல ரெண்டு பங்கு காப்பர் காலி, ரீடரும் அந்த ஊதாவைப் படிக்க முடியாம எல்லைக்கு வெளிய போயிடும். சாதாரண பிசிஏ கிட்டுல டிடிடிக்கு எல்லை 1 மில்லிமோலார்னு போட்டிருக்கறதுக்கு காரணம் இதுதான். பீட்டா மெர்காப்டோஎத்தனால், டிசெப்னு மத்த ரெட்யூசிங் ஏஜென்ட்டுக்கும் இதே கதைதான்.

"சரி, 10 மடங்கு டைல்யூட் பண்ணா 0.5 மில்லிமோலார் ஆயிடுமே, பிளாங்க்லயும் அதே பஃபரைப் போட்டு கழிச்சிட்டா போச்சு"ன்னு தோணும். பேப்பர்ல சரிதான். ஆனா டிடிடி நிலையா இருக்கற பொருள் இல்ல, காத்துல பட்டுப் பட்டு ஆக்ஸிடைஸ் ஆகிட்டே இருக்கும், பிஹெச் கூடக் கூட வேகம் கூடும். பிஹெச் 8.5, 20 டிகிரின்னா அதோட அரை ஆயுள் ஒண்ணரை மணி நேரம் கூட கிடையாது, பிஹெச் 7.5ல சுமார் 10 மணி நேரம். உங்க லைசேட் ஐஸ்ல எவ்ளோ நேரம் இருந்துச்சு, எத்தனை தடவை உறைஞ்சு உருகுச்சு, இப்ப அதுல உயிரோட இருக்கற டிடிடி எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது. இன்னிக்கு புதுசா கலக்கின பிளாங்க்ல முழு 5 இருக்கும், சாம்பிள்ல 3 இருக்கலாம். கழிக்கும்போது உண்மைல இல்லாத டிடிடியையும் சேர்த்துக் கழிச்சிடுவீங்க, புரோட்டீன் கம்மியா காட்டும். அதனாலதான் ரெட்யூசிங் ஏஜென்ட் விஷயத்துல பிளாங்க் கழிக்கறதை நான் முழுசா நம்பறதில்ல.

இப்ப பிராட்ஃபோர்டு பக்கம். 1976ல வந்த முறை, கூமாசி ஜி-250ங்கற சாயம் பலமான ஆசிட்ல செம்பழுப்பா இருக்கும், புரோட்டீன்ல முக்கியமா ஆர்ஜினின் பக்கம் ஒட்டிக்கிட்டா நீலமாகும், படிக்கறது 595ல. இதுல காப்பரும் இல்ல, குறைக்கற வேலையும் இல்ல, அதனால 5 மில்லிமோலார் டிடிடி இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். இதுக்கு எதிரி டிடர்ஜென்ட். சாயம் எண்ணெய்த்தன்மை உள்ள இடம் தேடி ஒட்டற பொருள், டிடர்ஜென்ட்டும் அப்படி ஒரு இடம்தான், அதனால புரோட்டீன் இல்லாமலே சாயம் நிறம் மாறிடுது, உங்க பிளாங்க் நீலமா இருக்கறது அதனால. கலங்கல் வேற விஷயம், அது ரிப்பால இருக்கற டீஆக்ஸிகோலேட். அது காரத்துலதான் கரையும், பிராட்ஃபோர்டு ரீஏஜென்ட் பாஸ்பாரிக் ஆசிட்ல இருக்கறதால உள்ள போனதும் கரையாத ஆசிடா மாறி பொடிப்பொடியா வெளிய வந்துடும். கலங்கலுக்கும் ரீடர் ஒரு நம்பர் குடுக்கும், அதை நீங்க புரோட்டீன்னு நினைச்சிப்பீங்க, ஜாக்கிரதை.

ஆனா டிடர்ஜென்ட்டுக்கு ஒரு நல்ல குணம் இருக்கு, அது வச்ச இடத்துல வச்ச அளவுல இருக்கும், டிடிடி மாதிரி நேரம் போகப் போக மாறாது. அதனால டைல்யூட் பண்றதும் பிளாங்க்ல அதையே போடறதும் இங்க நேர்மையா வேலை செய்யும். வழக்கமான ரிப்பால என்பி-40 1%, டீஆக்ஸிகோலேட் 0.5%, எஸ்டிஎஸ் 0.1%. 20 மடங்கு இறக்கினா முறையே 0.05, 0.025, 0.005 சதவீதம். பிராட்ஃபோர்டு கிட்டுகள் பொதுவா என்பி-40 மாதிரி ட்ரைட்டான் ரகத்தை 0.1% அக்கம்பக்கம் வரைக்கும், டீஆக்ஸிகோலேட்டை 0.05% வரைக்கும் தாங்கும். எஸ்டிஎஸ் மட்டும் கிட்டுக்கு கிட்டு ரொம்ப மாறும், சிலது 0.1% தாங்கும், சிலது 0.02% கூட தாங்காது, அதனால உங்க பாட்டிலோட கூட வந்த பட்டியலைப் பாருங்க, பக்கத்து லேப்காரங்க சொல்ற நம்பரை எடுக்காதீங்க. அந்தப் பட்டியல்ல போட்டிருக்கறது சாம்பிள்ல இருக்கற அளவு, ரீஏஜென்ட் ஊத்தின பிறகு வர்ற அளவு இல்ல. இதை மாத்திப் புரிஞ்சுக்கறவங்க நிறைய.

பண்ற விதம் இப்படி. 10 மைக்ரோலிட்டர் லைசேட், 90 தண்ணி, இது 10 மடங்கு. அதுல பாதி எடுத்து சம அளவு தண்ணி, 20 மடங்கு. இன்னொரு தடவை அதே மாதிரி, 40 மடங்கு. பக்கத்துல செல் போடாத அதே ரிப்பாவை (டிடிடி உட்பட) இதே மாதிரி மூணு டைல்யூஷன் பண்ணிக்கோங்க, இதுங்கதான் அந்தந்த டைல்யூஷனுக்கு பிளாங்க். பிஎஸ்ஏ ஸ்டாண்டர்டை வெறும் தண்ணில போடாதீங்க, 20 மடங்கு இறக்கின ரிப்பாலதான் போடணும், ஏன்னா டிடர்ஜென்ட் பிளாங்க்கை மட்டும் ஏத்தாது, கோட்டோட சாய்வையும் கொஞ்சம் மாத்தும், அதை வெறும் கழித்தல் சரி பண்ணாது. ஒவ்வொரு கிணறுலயும் 5 மைக்ரோலிட்டர், மேல 250 ரீஏஜென்ட், ரீஏஜென்ட் ரூம் டெம்பரேச்சருக்கு வந்திருக்கணும், நல்லா கலக்கி 10 நிமிஷம் விட்டு படிங்க. ரொம்ப நேரம் வச்சா சாயம் புரோட்டீனோட சேர்ந்து திரிதிரியா அடியில இறங்க ஆரம்பிக்கும்.

இனிமே முக்கியமான இடம், மூணு டைல்யூஷனையும் மடங்கால பெருக்கிப் பாருங்க. உதாரணத்துக்கு, 10 மடங்குல மில்லிக்கு 680 மைக்ரோகிராம், 20 மடங்குல 305, 40 மடங்குல 150 வந்துச்சுன்னு வச்சுக்கோங்க. பெருக்கினா 6.8, 6.1, 6.0 மில்லிகிராம். கடைசி ரெண்டும் ஒத்துப்போகுது, முதல்லது மட்டும் தூக்கலா இருக்கு, ஏன்னா அதுல டீஆக்ஸிகோலேட் சரியா 0.05%, எல்லை மேலயே உக்காந்திருக்கு. அப்ப 6 மில்லிகிராம்னு எடுத்துக்கிட்டு போகலாம். இதுவே 6.8, 5.4, 4.3ன்னு இறங்கிட்டே போனா இன்னும் ஏதோ குறுக்க நிக்குது, எந்த நம்பரையும் எடுக்காதீங்க. கிட்டுல என்ன எல்லை எழுதியிருந்தாலும் சரி, இந்த ஒரு சோதனை இல்லாம வர்ற நம்பரை நான் ஏத்துக்கறதில்ல. செலவும் பெருசா இல்ல, உங்க 100ல 10 மைக்ரோலிட்டர்தான் போச்சு.

லைசேட்ல புரோட்டீனே மில்லிக்கு அரை மில்லிகிராம்தான்னா இந்த வழி மூடிடும், 20 மடங்கு இறக்கினா கோட்டுக்குக் கீழ போயிடும். அப்ப புரோட்டீனைப் படிய வச்சு எடுக்கறதுதான். குளோரோஃபார்ம்-மெத்தனால் முறை நல்லது: 25 மைக்ரோலிட்டர் லைசேட்டை தண்ணி விட்டு 100 ஆக்கி, 400 மெத்தனால், 100 குளோரோஃபார்ம், 300 தண்ணி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல வோர்டெக்ஸ், அப்புறம் சுத்துங்க. புரோட்டீன் ரெண்டு அடுக்குக்கும் நடுவுல மெல்லிய வெள்ளைத் தட்டா நிக்கும். மேல் அடுக்கை அதைத் தொடாம எடுத்துட்டு, 300 மெத்தனால் விட்டு மறுபடி சுத்தினா அடியில பெல்லட். டிடிடியும் டிடர்ஜென்ட்டும் மெத்தனாலோட போயிடும். பெல்லட்டை 1% எஸ்டிஎஸ் 50 மைக்ரோலிட்டர்ல கரைச்சா இப்ப பிசிஏ தாராளமா போடலாம், 5% எஸ்டிஎஸ் வரைக்கும் அது கண்டுக்காது. பெல்லட்டை காய விட்டு விட்டு கருவாடு ஆக்கிடாதீங்க, அப்புறம் கரையாது, கரையாத புரோட்டீன் நம்பர்லயும் வராது. அதே பஃபர்ல தெரிஞ்ச அளவு பிஎஸ்ஏவை பக்கத்துலயே இதே மாதிரி படிய வச்சு எவ்ளோ திரும்ப வருதுன்னு பாத்துக்கோங்க.

ரெட்யூசிங் ஏஜென்ட்டைத் தாங்கற பிசிஏ கிட்டும் கடைல இருக்கு, முதல்ல தயோலை அடைச்சிட்டு பிறகு காப்பர் போடற முறை. டிடிடிக்கு அதோட எல்லை 5 மில்லிமோலார்தான், நீங்க சரியா விளிம்புல நிக்கறீங்க, இருந்தா பாதியா டைல்யூட் பண்ணி போடுங்க, இதுக்காக புதுசா வாங்கணும்னு இல்ல.

அடுத்த பேட்ச்ல டிடிடி இல்லாத ரிப்பாலயே லைஸ் பண்ணி, சுத்தி எடுத்த தெளிவுல இருந்து ஒரு 10 மைக்ரோலிட்டரை தனியா வச்சுட்டு மீதிக்கு டிடிடி போடுங்க. அந்த 10ஐ சாதாரண பிசிஏல போட்டா போதும், ரிப்பால இருக்கற டிடர்ஜென்ட் அளவு பிசிஏக்கு ஒரு பொருட்டே இல்ல. ஆனா அந்த பிசிஏ நம்பரையும் இப்ப எடுக்கற பிராட்ஃபோர்டு நம்பரையும் ஒரே ஜெல்ல கலந்து லோட் பண்ணாதீங்க. பிஎஸ்ஏ கூமாசியை வழக்கத்தை விட அதிகமா இழுக்கற புரோட்டீன், அதை ஸ்டாண்டர்டா வச்ச பிராட்ஃபோர்டுல லைசேட் பிசிஏவை விட கம்மியா காட்டறது சகஜம், 20 மைக்ரோகிராம்னு ரெண்டு லேன்லயும் எழுதியிருப்பீங்க, ஆக்டின் பேண்டு ஒரே அளவா வராது. ஒரு பிளாட்ல ஒப்பிடப் போற சாம்பிள் எல்லாத்தையும் ஒரே முறைல, ஒரே நாள்ல அளந்துடுங்க.