தள்ளப்பட்ட படங்களும் வராத கணக்கும்

கேள்வி: ஓவியக் கண்காட்சிக்கு நானும் நண்பர்களும் அனுப்பிய படங்களைத் தேர்வுக் குழு ஒதுக்கிவிட்டது. இப்படி ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களே கண்காட்சி நடத்தி நிலைத்தது உண்டா? எங்களுக்கு அது சரிப்படுமா?

உண்டு. ஆனால் இங்கே பலரும் உங்களுக்குச் சொல்லப்போவது 1863ஆம் ஆண்டுக் கதை. அதை நம்பி இறங்காதீர்கள். அந்த ஆண்டு பாரிஸில் சலோன் என்ற அதிகாரபூர்வக் கண்காட்சியின் தேர்வுக் குழு ஆயிரக்கணக்கான படங்களைத் தள்ளியது. கூச்சல் கிளம்பியதும், தள்ளியவற்றைத் தனியாக வைத்துக் காட்டுங்கள் என்று பிரான்ஸின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் உத்தரவிட்டார். இடமும் ஏற்பாடும் அரசுடையவை. ஊர் சிரிக்கும் என்று அஞ்சி, வந்த படத்தையே திரும்ப எடுத்துக்கொண்ட ஓவியர்களும் நிறையப் பேர்.

நீங்கள் பார்க்க வேண்டியது 1884. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அரசு சலோனைக் கைகழுவி ஓவியர் சங்கத்திடம் ஒப்படைத்திருந்தது. தேர்வுக் குழுவை ஓவியர்களே ஓட்டுப் போட்டு அமைத்தார்கள். அப்படியும் நிராகரிப்பு குறையவில்லை. ஓட்டுரிமை ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர்களுக்குத்தானே! 1884இல் வெளியே நின்றவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, மே மாதம் துய்லரி தோட்டத்தில் ஒரு தற்காலிகக் கொட்டகையில் தங்கள் கண்காட்சியைத் திறந்தார்கள். நானூறு பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். சலோன் தள்ளிய படங்களில் ஒன்று, இருபத்து நான்கு வயது ஓவியர் செராவின் 'அஸ்னியேரில் நீராடுவோர்'. இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். அதை இங்கே மாட்டிய இடம் மதுக்கூடம்! இன்று அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

சில வாரங்களிலேயே அந்தக் குழு உடைந்தது. காரணம் கலைக் கொள்கை அல்ல, பணம். நிர்வாகிகள் ஒழுங்காகக் கணக்குக் காட்டவில்லை என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். ஜூனில் ஓவியர் ஓதிலோன் ரெதோன் தலைமையில் கூட்டம் கூடியது. ஜூன் 11ஆம் தேதி நோட்டரி முன்னிலையில் சட்டதிட்டங்களைப் பதிவு செய்து, 'சுதந்திர ஓவியர் சங்கம்' என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். விதிகளை வகுத்ததில் முக்கியப் பங்கு துபுவா பியே என்பவருக்கு. அவர் ராணுவ அதிகாரி, ஓய்வில் படம் வரைபவர். தேர்வுக் குழு இல்லை, பரிசு இல்லை என்பதே அடிப்படை விதி.

இந்த இடத்தில் எனக்கு வயிறு எரியும். எங்கள் ஊரிலும் இப்படி ஒதுக்கப்பட்ட நாங்கள் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் படம் வைத்தோம். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சவுக்குக் கம்பு நட்டு, நைலான் கயிற்றில் படங்களைத் தொங்கவிட்டோம்; மின்விசிறியைப் போட்டால் எல்லாம் ஊஞ்சலாடின. அது பரவாயில்லை. முடிந்த பிறகு பொருளாளர் நீட்டிய தாளில் 'இதரச் செலவு' என்ற ஒரே வரி மண்டப வாடகையைவிடப் பெரிதாக இருந்தது. ரசீது கேட்டேன். "அண்ணே, கலைஞர்களுக்குள்ள கணக்கா?" என்றார். அடுத்த ஆண்டு கண்காட்சியே நடக்கவில்லை. நான் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, அவருடன் வந்தவர்களுக்கும் பொன்னாடை என்று போயிருக்கலாம். எழுதி வைத்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

பாரிஸ்காரர்களுக்கும் பதிவு செய்தவுடன் எல்லாம் கூடிவரவில்லை. 1884 டிசம்பரில் காலராவால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 1885இல் ஒன்றும் இல்லை. 1886இல் மறுபடி தொடங்கியபோது செராவின் 'கிராந்த் ஜாத்' என்ற படம் வந்தது. ஆன்றி ரூசோவும் வந்தார். முறையாக ஓவியம் பயிலாத அந்தச் சுங்கச்சாவடி ஊழியரைத் தேர்வுக் குழு இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். பார்த்தவர்கள் சிரித்தார்கள், அவர் ஏறக்குறைய ஆண்டுதோறும் வந்தார். தேர்வு இல்லையென்றால் மட்டமான படமும் வரத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். வரும், குவியும். அந்தச் சங்கத்தை ஏளனம் செய்தவர்கள் சொன்னதும் அதுதான், அதில் பொய்யும் இல்லை. உங்கள் நண்பர்களில் யாருடைய படம் உங்களுக்குப் பிடிக்காதோ, அதன் பக்கத்தில் உங்கள் படம் தொங்கச் சம்மதமா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாட்டில் சங்கத்தைப் பதிவு செய்யலாம். யாருடைய படம் எந்தச் சுவரில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். பிரேம் போடக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் சொல்கிறேன்: என் நீர்வண்ணப் படம் ஒன்றைச் சட்டத்துக்கு அடங்கவில்லை என்று கீழ் ஓரத்தில் கையெழுத்தோடு சேர்த்து நறுக்கிவிட்டு, அதற்கும் கூலி வாங்கிக்கொண்டார் கடைக்காரர்.