மைத்துனர் சொல்லும் கண்ணாடிக் கட்டடம் வேண்டாம்

உங்கள் மகளின் லிங்க்ட்இன் படத்தில் தலைக்குப் பின்னால் துணிக்கொடியும் திறந்த அலமாரியும் தெரிகின்றன என்று எழுதியிருந்தீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் உங்கள் மைத்துனர் சொல்கிறபடி கோட்டும் பின்னால் ஒரு கண்ணாடி அலுவலகமும் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அவள் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது. ஒட்டப்போகும் கட்டடத்தில் வெளிச்சம் வேறெங்கிருந்தோ வரும். பார்த்தவுடனே ஒட்டு தெரிந்துவிடும். மாதச் சந்தா கேட்கும் செயலிக்கும் பணம் கட்டாதீர்கள். ஒரே ஒரு படத்துக்குச் சந்தா எதற்கு?

முதலில் படத்தைச் சதுரமாக வெட்டிப் பாருங்கள். லிங்க்ட்இன் அதை வட்டமாகத்தான் காட்டும். சதுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், நான்கு மூலைகளும், தானாகவே மறைந்துவிடும். உங்கள் படத்தில் அலமாரி அப்படியே போய்விடுகிறது. மிச்சம் கொடி மட்டும்தான்.

அதற்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். படத்தின் லேயரை, அதாவது அடுக்கை, நகலெடுத்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு புது லேயர் வையுங்கள். அதில் நிரப்பும் நிறம் வெள்ளையாக இருக்கக்கூடாது. முடிக்குப் பக்கத்திலிருக்கும் சுவரின் நிறத்தையே கலர் பிக்கரால் எடுத்து நிரப்புங்கள். முடி ஓரத்து பிக்சல்களில் பழைய சுவரின் நிறமும் கலந்திருக்கும். பின்னணி வெள்ளையானால் அந்தக் கலவை தலையைச் சுற்றிச் சாம்பல் விளிம்பாகத் தெரியும். அதே நிறமானால் கரைந்துவிடும். வெளிச்சம் வரும் பக்கம் ஒரு சாயல் வெளிறியும் எதிர்ப்பக்கம் சற்று அடர்ந்தும் இருந்தால் சுவர் தட்டையாகத் தெரியாது.

அடுத்து மேல் லேயருக்கு `Layer > Mask > Add Layer Mask` வழியே வெள்ளை மாஸ்க் சேர்த்து, பின்னணியின் மேல் கறுப்புத் தூரிகை ஓட்டுங்கள். கறுப்பு பட்ட இடம் மறையும். தோளுக்குக் கடினமான விளிம்புத் தூரிகை, முடிக்கு மென்மையானது. பறக்கும் முடியை இழை இழையாக வெட்ட முயலவேண்டாம். அங்கேதான் பலரும் தலைக்குத் தொப்பி மாட்டியதுபோல ஆக்கிவிடுகிறார்கள். முடிக்கு வெளியே சிறிது சுவரை விட்டுவைத்து, தூரிகையின் ஒளிபுகாமையை 30 விழுக்காட்டுக்குக் குறைத்து மெல்லத் தடவினால் போதும். கை தவறினால் `X` அழுத்தி வெள்ளையால் தடவுங்கள், அழிந்தது திரும்பும். கொடியை மங்கலாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்: மங்கலாக்கும்போது அவளுடைய சட்டை நிறமும் பின்னணிக்குள் கசிந்து, ஒளிவட்டம் போட்டதுபோல ஆகும்.

கடைசியில் 400 பிக்சலுக்குக் குறையாத சதுரமாக ஏற்றுமதி செய்து, திரையில் விரல்நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற குறையைத் திருத்த உட்காரவேண்டாம்.

கோட் விஷயத்தில், அவள் தன் சாதாரண சட்டையிலேயே இருக்கட்டும் என்கிறாள். அதை அவளே முடிவு செய்யட்டும், மைத்துனர் அல்ல.