"ஏகம் சத் விப்ரா பஹுதா வதந்தி" எந்த உபநிஷத்தில் வருகிறது? எல்லா மதமும் ஒன்று என்பதுதானே பொருள்?

உபநிஷத்தில் தேட வேண்டாம். இது ரிக்வேதம், 1ஆம் மண்டலம், 164ஆம் சூக்தம், 46ஆவது மந்திரம். தீர்க்கதமஸ் ரிஷியின் பெயரில் உள்ளது. அதர்வவேதத்திலும் (9.10.28) இதே மந்திரம் உண்டு.

பொருளுக்கு வருவோம். நாம் மேற்கோள் காட்டுவது மூன்றாம் பாதம் மட்டும்தான். முழு மந்திரம் இப்படிப் போகிறது: "இந்திரன், மித்திரன், வருணன், அக்னி என்கிறார்கள், அவனே அழகிய சிறகுள்ள தெய்வீகக் கருத்மான். இருப்பது ஒன்றே, ஞானியர் பலவிதமாய்ச் சொல்கிறார்கள். அக்னி, யமன், மாதரிச்வான் என்கிறார்கள்."

ஆக, இங்கே பேசப்படுவது வேத தேவர்களின் பெயர்கள். அந்த 'ஒன்று' எது என்பதில் பழைய உரைகாரர்களே வேறுபடுகிறார்கள். யாஸ்கர் நிருக்தத்தில் (7.18) அதை அக்னி என்று கொள்கிறார், சாயணர் சூரியன் என்கிறார். அடுத்த மந்திரத்தில் பொன்னிறப் பறவைகள் நீரை உடுத்தி வானேறுவதைப் பார்த்தால், சூரியன் என்பது எனக்கு நன்றாகவே பொருந்துகிறது.

சமய ஒற்றுமைக்கான வாசகமாக இதைப் பரப்பியவர்களில் விவேகானந்தர் முக்கியமானவர். அந்த விரிவை நான் மதிக்கிறேன். ஆனால் அது பிற்கால வாசிப்பு. மந்திரத்தின் நேர்ப்பொருளாக அதை எழுதாதீர்கள்.