கரன்ட் அடிக்கும் மோட்டரும் பூட்டைத் திறக்கச் சொன்ன கடைக்காரரும்

கேள்வி: கொழும்புப் பக்கம் ஒரு கடையிலிருந்து தண்ணீர் மோட்டர் ஒன்று எடுப்பித்தேன். இரண்டு நாளில் கரன்ட் அடிக்கத் தொடங்கிவிட்டது. கடைக்காரருக்குச் சிங்களம் மட்டும்தான் தெரியும். நான் வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்புவதை அவர் போனில் மொழிபெயர்த்து வாசிக்கிறார். நான் அனுப்பியது இது: “அண்ணை, போன கிழமை உங்களிட்டை எடுத்த மோட்டர் பூட்டி ரெண்டு நாள்தான் ஓடிச்சுது, இப்ப கை வைச்சா கரன்ட் அடிக்குது, காசும் முழுக்கக் கட்டியாச்சு, புதுசு ஒண்டு தாங்கோ இல்லாட்டி திருப்பி அனுப்பவோ எண்டு சொல்லுங்கோ.” அவரும் தன் பதிலைத் தமிழாக்கித்தான் அனுப்பினார்: “பூட்டைத் திறந்து பாருங்கள். புதிய மோட்டார் தேவை என்றால் விலை 28,500.” ஏமாற்றுகிறாரா, விளங்கவில்லையா? எப்படி எழுதினால் விளங்கும்? (கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் மோட்டரின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். மின்வேலை தெரிந்த ஒருவரை அழைத்து எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கரன்ட் அடிப்பது மோட்டரின் பிழையாகவும் இருக்கலாம், வீட்டில் எர்த் சரியில்லாமல் அது வெளியே தெரியவந்ததாகவும் இருக்கலாம். கடைக்காரர் எப்படியும் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார். அவர் கேட்கும்முன் பதிலைக் கையில் வைத்திருந்தால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

இனி அவருடைய பதிலுக்கு வருவோம். நீங்கள் அனுப்பியதை வைத்துப் பார்த்தால் அவர் ஏமாற்றுவதாகத் தெரியவில்லை. “மோட்டர் பூட்டி” என்று எழுதினீர்கள். நமக்குப் பூட்டுவது என்றால் பொருத்துவது. மொழிபெயர்ப்புக் கருவிக்கு அது சாவி போட்டுப் பூட்டுவது. பூட்டிய மோட்டர் ஓடவில்லை என்று ஒருவர் முறைப்பட்டால் பூட்டைத் திறந்து பாருங்கள் என்றுதானே யாரும் சொல்வார்கள்? அடுத்தது “புதுசு ஒண்டு தாங்கோ.” இன்னொரு மோட்டர் வாங்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து விலையைச் சொல்லிவிட்டார்.

மற்ற இடங்களிலும் கண்ணி இருக்கிறது. “கரன்ட் அடிக்குது” என்பதில் கரன்ட் யாரையோ அடிக்கிறது. “காசு கட்டியாச்சு” என்பதில் காசு கயிற்றால் கட்டப்படலாம். அதைவிட, கட்டியது யார் என்பதே அந்தச் சொல்லில் இல்லை. “கட்டினேன்” என்றால் ‘நான்’ உள்ளே இருக்கிறது. “கட்டியாச்சு” என்றால் நீங்களா, கடைக்காரரா, வங்கியா என்பதைக் கருவி ஊகிக்க வேண்டியதுதான். “எடுத்த மோட்டர்” வாங்கிய மோட்டரா, தூக்கிக்கொண்டு போன மோட்டரா? “திருப்பி அனுப்பவோ” என்றால் நீங்கள் மோட்டரை அனுப்புவதா, அவர் காசை அனுப்புவதா? ஊரில் ஒருவரோடு ஒருவர் பேசும்போது இதெல்லாம் சிக்கலே இல்லை. முகத்தைப் பார்த்தே விளங்கிவிடும். கருவிக்கு முகம் தெரியாது.

பேச்சு வழக்கு இன்னொரு தொல்லை. இந்தக் கருவிகள் பெரும்பாலும் எழுத்துத் தமிழைப் பார்த்துப் பழகியவை, அதிலும் தமிழ்நாட்டுத் தமிழையே கூடுதலாகப் பார்த்தவை. “எண்டு”, “இல்லாட்டி”, “உங்களிட்டை” எல்லாம் அவற்றைத் தடுமாற வைக்கும். “கிழமை” கொஞ்சம் ஆபத்தான சொல். நமக்கு அது ஏழு நாள், அக்கரையில் அது திங்கள், செவ்வாய் என்ற நாளின் பெயரோடு வருவது. நானே ஒருமுறை கண்டிப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவருக்கு “அடுத்த கிழமை காசு போடுறன்” என்று எழுதிவிட்டு, மறுநாளே அவர் “காசு எங்கே?” என்று கேட்க, வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து கிழமை, நாளைக்கு, முந்தநாள் எதுவும் எழுதுவதில்லை. திகதிதான். அதையும் 4/3 என்று எழுத வேண்டாம். அது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று வாசிக்கிறவர் யோசிக்க வேண்டும். மாதத்தைச் சொல்லாக எழுதுங்கள்.

சரி, உங்கள் செய்தியைத் திருப்பி எழுதிப் பார்ப்போம். திகதிகளையும் பில் இலக்கத்தையும் நான் உதாரணத்துக்குப் போட்டிருக்கிறேன், உங்களுடையதை மாற்றிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.
நான் மார்ச் 4 அன்று உங்கள் கடையில் ஒரு தண்ணீர் மோட்டார் வாங்கினேன்.
பில் இலக்கம் 1187.
விலை 28,500 ரூபாய். நான் முழு விலையையும் செலுத்தினேன்.
நான் மார்ச் 6 அன்று மோட்டாரைப் பொருத்தினேன்.
மார்ச் 8 முதல் மோட்டாரில் ஒரு பிழை உள்ளது.
மோட்டாரைத் தொட்டால் மின் அதிர்ச்சி ஏற்படுகிறது.
மின் பணியாளர் எங்கள் வீட்டின் எர்த் இணைப்பைச் சோதித்தார். எர்த் இணைப்பு சரியாக உள்ளது.
நான் இந்த மோட்டாரை உங்களுக்குத் திருப்பி அனுப்புவேன்.
நீங்கள் இந்த மோட்டாருக்குப் பதிலாக வேறு ஒரு மோட்டார் தாருங்கள்.
வேறு மோட்டாருக்கு நான் பணம் செலுத்த மாட்டேன்.
எந்த முகவரிக்கு இந்த மோட்டாரை அனுப்ப வேண்டும்?
நன்றி.

வாசிக்க இரண்டாம் வகுப்புப் பாடப் புத்தகம் போல இருக்கிறதல்லவா? இருக்கட்டும். ‘மோட்டார்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதும் வேண்டுமென்றே செய்ததுதான். “அது”, “இது” என்று தனியே விட்டால் அது மோட்டரா, பில்லா, எர்த் இணைப்பா என்று கருவி குழம்பும். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியர் ஒரே சொல்லைத் திருப்பி எழுதாதே என்று அடித்துச் சொன்னதை இங்கே மறந்துவிடுங்கள். ‘நான்’, ‘நீங்கள்’ என்பதையும் அப்படியே ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். தமிழில் வினைமுற்றிலேயே ஆள் தெரிவதால் அவற்றை விட்டுவிடுவது நம் பழக்கம். பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கு ஆள் மாறுவதில்லை, நான் செய்தாலும் அவர் செய்தாலும் ஒரே வடிவம்தான். மொழிபெயர்ப்பில் ‘நான்’ விழுந்துபோனால் அங்கே அதை மீட்க வழியில்லை.

“வேறு மோட்டாருக்கு நான் பணம் செலுத்த மாட்டேன்” என்ற வரி உங்களுக்கு முரட்டுத்தனமாகப் படலாம். ஆனால் அந்த ஒரு வரி இல்லாததால்தான் உங்களுக்கு விலை வந்தது. மரியாதைக்கு மேலே ஒரு வணக்கமும் கீழே ஒரு நன்றியும் போதும். ‘அண்ணை’யை எழுத்து வழக்கில் ‘அண்ணா’ என்று எழுதி, வணக்கத்தோடு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அனுப்புவதற்கு முன் நீங்களே ஒருமுறை மொழிபெயர்த்துப் பாருங்கள். இங்கே பலர் விடும் பிழை ஒன்று இருக்கிறது. தமிழைச் சிங்களமாக்கி, அதை மறுபடி தமிழாக்கிப் பார்த்து, சரியாகத்தானே வருகிறது என்று திருப்தி அடைந்துவிடுவார்கள். உங்கள் “பூட்டி” அப்படிப் போனால் சாவி போடும் பூட்டாகவே சிங்களத்துக்குப் போகும், திரும்பி வரும்போதும் “பூட்டி” என்றே வரும். நீங்கள் பார்த்தால் பிழையே தெரியாது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் போய்வந்த சொல் இந்த மாதிரி நல்ல பிள்ளையாக நிற்கும். ஆகவே தமிழை ஆங்கிலமாக்கிப் பாருங்கள். பூட்டு, பொருத்து இரண்டுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல் என்பதால் பிழை உடனே கண்ணில் படும். பல கருவிகள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு ஆங்கிலத்தின் வழியாகவே போவதால், நடுவில் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். பெரிய ஆங்கிலம் வேண்டாம், உங்கள் வீட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே போதும். பிழை தெரிந்தால் ஆங்கிலத்தைத் திருத்தப் போகாதீர்கள், தமிழ்ச் சொல்லை மாற்றுங்கள். கடைக்காரர் மொழிபெயர்க்கப்போவது அதைத்தான். அவர் போனில் உள்ள கருவி உங்களுடையதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதனால் இந்தச் சோதனை முழு உத்தரவாதம் ஆகாது, பெரிய குழிகளை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

பதில் வாங்குவதிலும் ஒரு சங்கதி உண்டு. ஒரு செய்தியில் ஒரு கேள்விதான். மேலே மாற்று மோட்டர் வரும் திகதியை நான் கேட்காமல் விட்டது அதனால்தான். முகவரி வந்தபிறகு அதைக் கேளுங்கள். “தருவீங்களோ இல்லாட்டி அனுப்பவோ” என்று இரண்டைச் சேர்த்துக் கேட்டால் “சரி” என்று பதில் வரும். எதற்குச் சரி? இல்லை என்று வரும் கேள்வியும் வேண்டாம். “மோட்டரை இன்னும் அனுப்பவில்லையா?” என்று கேட்டால் தமிழில் “ஆமாம், அனுப்பவில்லை” என்போம். ஆங்கிலம் நடுவில் புகுந்தால் அந்த “ஆமாம்” அனுப்பியதாகவும் ஆகலாம். “மோட்டாரை எந்தத் திகதியில் அனுப்பினீர்கள்?” என்று கேளுங்கள். ஆமாம், இல்லை இரண்டும் அதற்குப் பொருந்தாது. திகதி சொல்லியே ஆக வேண்டும்.

அப்புறம், அவர் தமிழாக்கி அனுப்பும் பதிலோடு, அதன் சிங்கள மூலத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். “தயவுசெய்து சிங்களத்திலும் எழுதுங்கள்” என்ற வரி போதும். பிணக்கு என்று வந்தால் அவர் சொன்னதற்குச் சாட்சி அந்தச் சிங்கள வரிதான். கருவி தந்த தமிழ் வரியை “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று அவர் மறுத்துவிடலாம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் முக்கியமான வரியை மட்டும் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் மசியவில்லை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம். தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், தமிழிலேயே கொடுக்கலாம். அங்கே நீங்கள் வழக்கம்போல நீளமாக எழுதலாம். ஆனால் 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். கணக்கு மோட்டர் பழுதான நாளிலிருந்து தொடங்குவதில்லை. கடைக்காரரோடு செய்தி மாற்றிக்கொண்டிருக்கும் நாட்களும் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே கழிகின்றன.