ஒரே வருடத்தில் ஆன்லைன் எம்.பி.ஏ.: பணம் கட்டலாமா?

"நான் மூன்று வருட பி.காம். முடித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள கல்வி மையம் ஒன்றில் 'யுஜிசி அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் எம்.பி.ஏ., ஒரே வருடத்தில் டிகிரி' என்கிறார்கள். கட்டணம் 72,000 ரூபாய். சனிக்கிழமைக்குள் 15,000 கட்டினால் 40 சதவீதம் ஸ்காலர்ஷிப்பாம். பதிவுக்கு 2,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கேட்கிறார்கள். மீதியைக் கட்டலாமா, மேடம்?"

இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மார்க் ஷீட்டையும் கொடுக்க வேண்டாம். சேர்க்கைக்காக ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழகங்களுக்கே யுஜிசி சொல்லியிருக்கிறது. இடையில் இருக்கும் ஒரு மையத்துக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்? நாளை நீங்கள் விலக நினைத்தால், அந்த மார்க் ஷீட்டைக் காட்டித்தான் மிச்சப் பணத்தைக் கேட்பார்கள்.

அவர்கள் சொன்னதிலேயே ஒன்று இடிக்கிறது. மூன்று வருட பட்டப்படிப்பு முடித்தவருக்கு எம்.பி.ஏ. குறைந்தது இரண்டு வருடம். ஒரே வருடத்தில் தருகிறேன் என்பவர், ஒன்று விதி தெரியாதவர், இல்லையென்றால் தெரிந்தே மறைப்பவர்.

அடுத்து அந்த 'யுஜிசி அங்கீகாரம்'. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்தச் சொல்லில்தான். ஒரு பல்கலைக்கழகம் அசலாகவே இருக்கலாம். ஆனால் ஆன்லைனில் பட்டம் தர அதற்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி பாடவாரியாகக் கிடைப்பது. பி.ஏ.வுக்கு இருந்து, எம்.பி.ஏ.வுக்கு இல்லாமலும் போகலாம். அதனால் மையம் அனுப்பிய பிடிஎஃப் கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, deb.ugc.ac.in தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளம் அது. நீங்கள் சேரப்போகும் பருவத்துக்கான பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர், எம்.பி.ஏ., ஆன்லைன் முறை மூன்றும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். தொலைநிலைக் கல்விக்கான அனுமதியை ஆன்லைன் அனுமதி என்று காட்டுவதும் உண்டு.

பட்டியலில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த மையத்துக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல சோதனை, DEB ID என்ற மாணவர் அடையாள எண். 2024-ஆம் ஆண்டிலிருந்து, ஆன்லைன் அல்லது தொலைநிலைப் பட்டப்படிப்பில் சேரும் இந்திய மாணவர் இதை எடுத்தாக வேண்டும். முதலில் டிஜிலாக்கர் வழியாக, உங்கள் படிப்பின் கிரெடிட்களைச் சேமிக்கும் கணக்கின் எண்ணான ABC ID எடுத்து, அதை வைத்து யுஜிசி தளத்தில் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். மையத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "ஆதார் ஓடிபி சொல்லுங்க, நாங்களே போட்டுக்கறோம்" என்றாலும் சொல்லாதீர்கள்.

அப்புறம், பணம் யார் பெயருக்குப் போகிறது? நீங்கள் அனுப்பிய 2,000 ரூபாயின் ஜிபே ரசீதைத் திறந்து, பெற்றவர் பெயரைப் படியுங்கள். அங்கே ஒரு தனிநபர் பெயர் இருந்தால், நீங்கள் பல்கலைக்கழகத்துக்கு இன்னும் எதுவும் கட்டவில்லை என்று அர்த்தம். மாணவர்களைச் சேர்த்துவிட பல்கலைக்கழகங்கள் வெளியாட்களை வைத்துக்கொள்வது உண்டு. அதனால் இடையில் ஆள் இருப்பதாலேயே மோசடி என்று சொல்லமாட்டேன். ஆனால் பல்கலைக்கழகப் படிப்பை உரிமம் எடுத்து நடத்தும் ஃபிரான்சைஸ் முறைக்கு யுஜிசியின் 2020 விதிமுறைகள் இடம் தரவில்லை. கட்டணம் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளம் வழியாக, அதன் கணக்குக்கே போகட்டும். 40 சதவீதச் சலுகை உண்மையென்றால் பல்கலைக்கழகம் அதை மின்னஞ்சலில் உறுதி செய்யும். அந்த மின்னஞ்சல் முகவரியை நோட்டீஸிலிருந்து எடுக்காமல் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து எடுங்கள்.

'வட்டியில்லாத தவணை' என்று கையெழுத்து கேட்டால், கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்கள் பெயரில் எடுக்கும் கடன். படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது.

சரி, கட்டிய 2,000 ரூபாய்? நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம். வாட்ஸ்அப்பிலேயே, "எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பருவம், 2,000 ரூபாய்க்கு ரசீது எங்கே, இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று கேளுங்கள். மோசடி வழக்குக்கு, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்கு 'ஒரே வருடத்தில் டிகிரி' என்று அவர்கள் அனுப்பிய செய்தி உதவும். எதையும் அழிக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள், நீதிமன்றத்தில் அது தேவைப்படும். அனுமதி இல்லை என்று தெரிந்து, பணமும் திரும்பாவிட்டால் 1930 எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் கொடுங்கள். உள்ளூர் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கலாம். மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, புகார் ஏற்புச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.