பி.எம்.டி. பூஜ்யத்தில் முடிகிறதா?

"சிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எஸ்.எஃப்.டி. என்னும் வெட்டு விசை வரைபடம், பி.எம்.டி. என்னும் வளைவுத் திருப்புத்திறன் வரைபடம் இரண்டுக்காகவும் இதுவரை நாற்பது கணக்காவது போட்டிருப்பேன். விடையைப் பார்க்காமல் போட்டால் எங்கேயோ பிசகுகிறது. எங்கே என்று எனக்கே தெரிவதில்லை. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறது. எப்படிப் பயிற்சி செய்வது ஐயா?"

நாற்பதே அதிகம். இனி நாளுக்கு ஒரு பீம் போதும், ஆனால் அதை மூன்று முறை தொட வேண்டும்: எண் இல்லாமல் ஒரு முறை, எண்ணோடு ஒரு முறை, மறுநாள் தலைகீழாக ஒரு முறை. ஓவர்ஹேங் பீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏ-யிலும், அங்கிருந்து 6 மீட்டரில் பி-யிலும் தாங்கிகள். பி-யைத் தாண்டி 2 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் முனை சி. ஏ முதல் பி வரை மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் பரவல் சுமை. சி-யில் 15 கிலோநியூட்டன் புள்ளிச் சுமை.

முதல் ஐந்து நிமிடம் கால்குலேட்டரைத் தொடாதீர்கள். பீமின் கீழே இரண்டு கோடுகள் போட்டு, வடிவத்தை மட்டும் பென்சிலால் வரையுங்கள். பரவல் சுமை இருக்கும் இடத்தில் வெட்டு விசை சரிகோடு, திருப்புத்திறன் பரவளைவு. சுமையே இல்லாத பி-சி பகுதியில் வெட்டு விசை கிடைக்கோடு, திருப்புத்திறன் சரிகோடு. பி-யில் தாங்கி மேலே தள்ளுவதால் எஸ்.எஃப்.டி. செங்குத்தாக ஏறும், அதே இடத்தில் பி.எம்.டி. முறியும், ஆனால் தாவாது. முனையில் சுமை தொங்குவதால் பி-க்கு மேல் பீம் முதுகு புடைத்து வளையும். அங்கே திருப்புத்திறன் எதிர்க்குறி. இவ்வளவும் ஒரு கூட்டல்கூடப் போடாமல் தெரிந்துவிடுகிறது.

அடுத்து எண்கள். ஏ-யைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால் 60 × 3 + 15 × 8 = 300; அதை 6-ஆல் வகுத்தால் பி-யின் எதிர்வினை 50. மொத்தச் சுமை 75 என்பதால் ஏ-யில் 25. எஸ்.எஃப்.டி. 25-இல் தொடங்கி, பி-க்குச் சற்று இடப்புறம் −35-க்கு இறங்கி, அங்கே 50 ஏறி 15 ஆகி, அப்படியே சி வரை போய் முடிகிறது. பி-யில் இரண்டு மதிப்புகளையும் எழுதுங்கள். பலர் ஒன்றை மட்டும் எழுதி மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

வெட்டு விசை பூஜ்யமாகும் இடம் 25 ÷ 10, அதாவது 2.5 மீட்டர். அதுவரையிலான முக்கோணத்தின் பரப்பு 31.25, நடுப்பகுதியின் உச்சத் திருப்புத்திறன் அதுதான். அதன் பிறகு கீழே வரும் முக்கோணம் 35 × 3.5 ÷ 2 = 61.25. கழித்தால் பி-யில் −30. பி-சி செவ்வகம் 15 × 2 = 30, ஆகவே சி-யில் பூஜ்யம். வளைவு குறி மாறும் இடத்துக்கு 25x − 5x² = 0 என்று போட்டால் 5 மீட்டர் கிடைக்கும்.

உங்கள் பிசகு ஒளிந்திருக்கும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். அவசரத்தில் சி-யின் தூரத்தை 8-க்குப் பதில் 2 என்று எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பி-யில் 35, ஏ-யில் 40 வரும். எஸ்.எஃப்.டி. 40, −20, 15 என்று போய்க் கடைசியில் அழகாகப் பூஜ்யத்தில் மூடிக்கொள்ளும்! இரண்டாவது எதிர்வினையை மொத்தத்திலிருந்து கழித்துப் பெற்றதால் அது மூடித்தான் ஆக வேண்டும். அது சரிபார்ப்பே அல்ல. பி.எம்.டி.யோ பி-யில் 60 காட்டி, சி-யில் 90-இல் வந்து நிற்கும். எதுவும் பிடித்திராத முனையில் திருப்புத்திறன் எப்படி வரும்? பென்சில் படத்தில் பி எதிர்க்குறியில் இருந்ததும் அப்போது கண்ணில் படும். எனவே எஸ்.எஃப்.டி. மூடியது என்று திருப்திப்படாதீர்கள், பி.எம்.டி.யின் கடைசி எண்ணைப் பாருங்கள்.

பரவளைவின் வயிறு எந்தப் பக்கம் என்று குழம்பினால் எஸ்.எஃப்.டி.யைப் பாருங்கள். அதன் மதிப்புதான் பி.எம்.டி.யின் சரிவு. ஏ-யில் 25 சரிவோடு ஏறி, 2.5 மீட்டரில் மட்டமாகி, பி-யை நெருங்கும்போது 35 சரிவோடு வேகமாக இறங்க வேண்டும். பீம் தொய்யும் திருப்புத்திறனை மேலே வரைந்தால் வளைவு மேல்நோக்கிப் புடைக்கும். சில ஆசிரியர்கள் கீழே வரையச் சொல்வார்கள். உங்கள் வகுப்பு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள்.

மறுநாள் காலை பீமை மூடிவிட்டு, எஸ்.எஃப்.டி.யை மட்டும் பார்த்துச் சுமைகளைத் திரும்ப எழுதுங்கள். 50 ஏற்றம் தாங்கி, கடைசி 15 இறக்கம் புள்ளிச் சுமை, மீட்டருக்கு 10 வீதம் இறங்குவது பரவல் சுமை. பத்து நிமிட வேலை. இதில் அகப்படாதது ஒன்றுதான்: பீமின் நடுவே திருகும் இரட்டை விசை இருந்தால் அது நிற்கும் இடத்தில் எஸ்.எஃப்.டி. அசையாது, பி.எம்.டி.தான் தாவும். அப்படிப்பட்ட பீம்களுக்கு இரண்டு படங்களையும் வைத்துக்கொண்டே தலைகீழாகப் போடுங்கள்.