மூன்று சராசரிகளும் ஒரு டி-டெஸ்டும்

வணக்கம் ஐயா,

என் ஆய்வேட்டுக்காக விரிவுரை, குழு விவாதம், செயல்வழிக் கற்றல் என மூன்று முறைகளை ஒப்பிட்டேன். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வகுப்புப் பிரிவு, 10 மாணவர்கள், தனி ஆசிரியர். சராசரி மதிப்பெண் 60, 65, 70. மூன்றிலும் திட்டவிலக்கம் ஏறக்குறைய 10. இரண்டிரண்டாக டி-டெஸ்ட் போட்டபோது விரிவுரைக்கும் செயல்வழிக்கும் இடையில் பி மதிப்பு 0.038 வந்தது. வழிகாட்டி அனோவா போடச் சொன்னார். போட்டால் பி மதிப்பு 0.10. கண்ணெதிரே இருந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. டி-டெஸ்டையே வைத்துக்கொள்ளலாமா? மதிப்பெண்கள் இயல்புப் பரவலில் இல்லை என்பதால் அனோவா தப்பாகியிருக்குமா?

தி.

அன்புள்ள தி.,

இயல்புப் பரவல் கவலையை முதலில் விடுங்கள். குழுக்கள் சம அளவு, திட்டவிலக்கமும் சமம். இந்த நிலையில் கொஞ்சம் கோணலான பரவலை அனோவா தாங்கும். தாங்காது என்றால் டி-டெஸ்டும் தாங்காது. பிடிக்காத விடை வந்த சோதனையின் மேல் மட்டும் சந்தேகப்படுவது நியாயமில்லை.

உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஒரு பருவம் முழுக்க உழைத்து 10 மதிப்பெண் வித்தியாசத்தைக் கண்டிருக்கிறீர்கள். ஆனால் அது காணாமல் போகவில்லை. 60 இன்னும் 60தான், 70 இன்னும் 70தான். மாறியது அதை அளக்கும் கோடு. இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன், உங்கள் கடிதம் வந்துவிட்டது.

டி-டெஸ்ட் என்ன கேட்கிறது? இரண்டு குழுக்கள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கின்றன. முறையால் எந்தப் பலனும் இல்லாவிட்டாலும் இவ்வளவு இடைவெளி தற்செயலாக வருமா? அப்படி வரும் வாய்ப்புதான் பி மதிப்பு, அது 0.05க்குக் கீழே போனால் எல்லைக்கோட்டைத் தாண்டியதாக எடுத்துக்கொள்கிறோம். உங்கள் கணக்கில் இடைவெளி 10, அதன் திட்டப்பிழை 4.47. வகுத்தால் 2.24. எல்லைக்கோடு 2.10. தாண்டிவிட்டது. மதிப்பெண்ணாகச் சொன்னால், 9.4க்கு மேல் இடைவெளி இருந்தால் போதும் என்கிறது டி-டெஸ்ட்.

ஆனால் நீங்கள் இரண்டு குழுக்களை முன்கூட்டியே குறிக்கவில்லை. மூன்று இடைவெளிகளையும் பார்த்துவிட்டு, அவற்றில் பெரியதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அது வேறு கேள்வி. மூன்றில் பெரியது எப்போதும் பெரியதாகத்தான் இருக்கும், அதற்குக் கற்பித்தல் முறை எதுவும் தேவையில்லை.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் புள்ளியியல் ஆசிரியர். பலகையில் சூத்திரம் எழுதவில்லை. ஒரே தேர்வின் 30 மதிப்பெண்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி, நன்றாகக் கலக்கச் சொன்னார். பத்துப் பத்தாக மூன்று கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் சராசரி. பிறகு மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் உள்ள இடைவெளியை மட்டும் குறித்துவைக்க வேண்டும். மறுபடி கலக்கு, மறுபடி பிரி. யாரும் யாருக்கும் எதையும் வேறு விதமாகக் கற்பிக்கவில்லை, இருந்தும் அந்த இடைவெளி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கவே இல்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று வந்துகொண்டே இருந்தது. அவ்வப்போது ஒன்பதைத் தாண்டும்போது மேசையைச் சுற்றி ஒரு சத்தம் எழும். அவர் சொன்னார்: "இப்போது கத்தினாயே, அதைத்தான் கண்டுபிடிப்பு என்று எழுதுகிறார்கள்."

உங்கள் 30 மதிப்பெண்களை வைத்து இதைச் செய்து பாருங்கள். கையால் முடியாவிட்டால் கணினியில் ஆயிரக்கணக்கான தடவை கலக்கலாம். ஒற்றை டி-டெஸ்ட் என்றால் 100க்கு 5 தடவை பொய்யாக மணி அடிக்கும். மூன்று போட்டால் அவற்றில் ஏதாவது ஒன்றாவது அடிக்கும் வாய்ப்பு 100க்கு சுமார் 12. புத்தகங்களில் 14 என்று பார்த்திருப்பீர்கள். 0.95ஐ மூன்று முறை பெருக்கி 1இல் கழித்தால் அதுதான் வரும், ஆனால் அது மூன்று ஒப்பீடுகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று வைத்துக்கொண்ட கணக்கு. ஒவ்வொரு குழுவும் இரண்டு ஒப்பீடுகளில் வருவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். எப்படியானாலும் நீங்கள் 5 என்று எழுதுவது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். முறைகள் நான்கு, ஐந்து என்று கூடினால் இது இன்னும் வேகமாக ஏறும்.

அனோவா மூன்றையும் ஒரே கேள்வியாக்குகிறது. மொத்தச் சராசரி 65. அதிலிருந்து உங்கள் குழுக்கள் விலகுவது −5, 0, +5. வர்க்கங்களைக் கூட்டினால் 50, குழுவுக்குப் பத்துப் பேர் என்பதால் 500, அதை 2ஆல் வகுத்தால் 250. குழுக்களுக்குள்ளேயே மாணவர்கள் சிதறியிருக்கும் அளவு 10இன் வர்க்கம், 100. முறைகளுக்குள் வித்தியாசம் இல்லையென்றால் இந்த இரண்டு எண்களும் ஒரே சிதறலைத்தான் அளக்கின்றன, விகிதம் 1க்குப் பக்கத்தில் வரவேண்டும். இந்த விகிதம்தான் எஃப் மதிப்பு, உங்களுக்கு 2.5. எல்லை 3.35. கணினி தரும் அட்டவணையில் சுதந்திரப் பாகைகள் 2, 27 என்று இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். 2க்குப் பதில் 1 இருந்தால், முறைகளுக்கு நீங்கள் கொடுத்த 1, 2, 3 என்ற குறியீட்டை மென்பொருள் அளவாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

எந்த ஜோடி வேறுபடுகிறது என்று அனோவா சொல்லாது என்பது உண்மை. அதற்கு டூக்கியின் சோதனை இருக்கிறது. நான் மேலே சொன்ன சீட்டுக் கலக்கலுக்கு நேரான விடை அதுதான். மூன்றில் மிகப் பெரிய இடைவெளி தற்செயலாக எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட்டு அங்கே கோடு போடுகிறது. உங்கள் தரவுக்கு அந்தக் கோடு 11.1 மதிப்பெண். டி-டெஸ்டின் கோடு 9.4. உங்கள் 10 இரண்டுக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. உங்கள் குழப்பம் முழுக்க இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

பருவம் தொடங்கும் முன்பே "விரிவுரையையும் செயல்வழியையும் மட்டும்தான் ஒப்பிடப்போகிறேன்" என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருந்தால் அந்த ஒற்றை டி-டெஸ்டை நான் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வேன். எழுதினீர்களா? இல்லையென்றால் இப்போது எழுதி முன்தேதி போடாதீர்கள். அதைவிட மோசமான வேலை ஆய்வில் கிடையாது.

அதே சமயம் "மூன்று முறைகளும் சமம்" என்றும் எழுதிவிடாதீர்கள். விரிவுரைக்கும் செயல்வழிக்கும் உள்ள உண்மையான இடைவெளிக்கு டூக்கி தரும் எல்லை −1.1 முதல் 21.1 வரை. செயல்வழி 20 மதிப்பெண் கூடத் தந்திருக்கலாம், ஒன்றுமே தராமலும் இருந்திருக்கலாம். பத்துப் பேரை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். மூன்று சராசரி, மூன்று திட்டவிலக்கம், எஃப் மதிப்பு, இந்த எல்லை ஆகியவற்றை அப்படியே கொடுங்கள்.

அப்புறம், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஆசிரியர். சோதனையைப் பற்றி இவ்வளவு கேட்டவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே! 70 வாங்கிய பிரிவில் செயல்வழி முறையும் இருந்தது, அந்த ஆசிரியரும் இருந்தார். எது காரணம் என்று அனோவாவும் சொல்லாது, டி-டெஸ்டும் சொல்லாது. ஒரே வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்த பத்துப் பேரை ஒருவரையொருவர் பாதிக்காத பத்துத் தனி ஆட்களாக இரண்டு சோதனைகளுமே எண்ணுகின்றன, அதனால் 0.10 என்பதே தாராளமான எண். இன்னொரு பருவம் கிடைத்தால் ஒவ்வொரு முறைக்கும் பல பிரிவுகளை எடுத்து, எந்தப் பிரிவுக்கு எந்த முறை என்று குலுக்கிப் போடுங்கள். கிடைக்காவிட்டால் ஆய்வின் வரம்புகள் பகுதியில் முதல் வரியாக இதை எழுதுங்கள், கடைசி வரியாக அல்ல.